கபடி ஹைலைட்ஸ்: ஸ்கோர் முந்தினால், பேச்சு பிந்தினால் எங்கே தேடுவது?

நாங்குநேரி, திசையன்விளை, அம்பாசமுத்திரம் என்று நம்ம பக்கம் எங்கே போனாலும், கோவில் கொடையை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோ ஒரு ராத்திரிக் கபடிப் போட்டி நடக்கும். முடிந்த மறுநாளே கமிட்டிக்காரர்கள் ஹைலைட்ஸ் கேட்பார்கள். ஐந்து நிமிட ரீல், ஓரத்தில் ஸ்கோர் பட்டை, நாலு இடத்தில் ஸ்லோமோஷன், மேலே ஒரு வர்ணனைக் குரல். கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் வெட்டை அனுப்பியதும் புகார் வர ஆரம்பிக்கும். அந்தப் புகார்கள் எந்த வார்த்தையில் வருமோ அதே வார்த்தையில் தலைப்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே தேட வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

கபடி ஹைலைட்ஸில் இத்தனை சிக்கல் வருவதற்குக் காரணம் ஆட்டத்தின் வேகம். கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி எடுப்பவருக்கு 60 நிமிட ஆட்டத்தில் ஸ்கோர் சில முறைதான் மாறும். கோல் விழுந்ததும் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. ஆண்கள் கபடி 40 நிமிடம்தான், ஆனால் ஒரு ரெய்டுக்கு 30 நொடிக்கு மேல் கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு ரெய்டிலும் எண் மாறலாம். சில சமயம் இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் மாறும். இதற்கு நடுவே ஸ்லோமோஷனைச் செருகினால் படம் மட்டும் நீளும். ஸ்கோர் பட்டையும் குரலும் பழைய இடத்திலேயே நிற்கும். புகார்களில் பாதி இந்த ஒரு காரணத்தால் வருபவை.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சிவப்புச் சட்டை அணி, நீலச் சட்டை அணி. ஆட்டம் முடிய 1 நிமிடம் 55 நொடி இருக்கிறது. ஸ்கோர் சிவப்பு 31, நீலம் 33. களத்தில் சிவப்புக்கு 2 பேர், நீலத்துக்கு 6 பேர். இனி நடந்தது இது. சிவப்பு ரைடர் போனஸ் எடுத்து ஒருவரையும் தொட்டுத் திரும்புகிறார், 33–33. அடுத்து வந்த நீல ரைடரைச் சிவப்பின் மூன்று பேரும் சேர்ந்து பிடிக்கிறார்கள். சூப்பர் டேக்கிள், 35–33. அடுத்த சிவப்பு ரெய்டு நேரத்தைக் கடத்த மட்டும் போனது, பாயிண்ட் இல்லை. கடைசி 30 நொடியில் நீலம் ஒருவரைத் தொட்டுத் திரும்ப, 35–34-ல் ஆட்டம் முடிகிறது.

முதல் வெட்டில் இந்தப் பகுதிக்கான ஸ்கிரிப்ட் இப்படி இருந்தது. நேரம் ரீலின் நேரம், இந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து நிமிடமும் நொடியும்.

```
00:00  ரெய்டு 1 (சிவப்பு)          31–33
00:10  தொடுதல்
00:12  நடுக்கோட்டுக்குத் திரும்பினார்
00:13  நடுவர் சைகை                33–33
00:15  ஸ்லோ: 2 நொடி, 50% = 4 நொடி
00:19  ரெய்டு 2 (நீலம்)
00:27  பிடி
00:30  நடுவர் சைகை                35–33
00:32  ஸ்லோ: 3 நொடி, 50% = 6 நொடி
00:38  அட்டை: 35–33, மீதி 30 நொடி
00:40  ரெய்டு 4 (நீலம்)
00:50  தொடுதல்
00:53  நடுவர் சைகை                35–34
00:56  முடிவு
```

"கோட்டுக்கு வாறதுக்கு முன்னாடியே ஸ்கோர் ஏறிட்டு"

அதிகம் வரும் புகார் இதுதான். எதையும் திருத்தும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பிசகு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, போகப் போக வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா? ரீலின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று ஸ்கோர் மாற்றங்களை எடுத்து, நடுவர் சைகைக்கும் எண் மாறுவதற்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று ஒரு தாளில் குறித்தால் போதும். அந்த மூன்று எண்ணும் காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு குறிப்பிட்ட இடம் வரை சரியாக இருந்து, அதற்குப் பிறகு எல்லாமே ஒரே அளவு தள்ளியிருந்தால், அந்த இடத்தில் யாரோ ஒரு துண்டை நீட்டியிருக்கிறார்கள் அல்லது குறைத்திருக்கிறார்கள். நம்ம உதாரணத்தில் நடந்தது இதுதான். முதல் ஸ்லோமோஷனைப் பார்த்த கமிட்டி அண்ணாச்சி, "கால் கோட்டைத் தாண்டுறதுல இருந்து காட்டுங்க தம்பி" என்றார். 2 நொடிக் காட்சி 3.5 நொடி ஆனது. 50 சதவீத வேகத்தில் அது 7 நொடி. முன்பு 4 நொடி இருந்த இடத்தில் இப்போது 7. அதற்குப் பின்னால் உள்ள படமெல்லாம் 3 நொடி தள்ளிப் போயிற்று, மேல் டிராக்கில் இருந்த ஸ்கோர் பட்டை நகரவில்லை.

விளைவைப் பாருங்கள். இரண்டாவது ரெய்டின் பிடி இப்போது 00:30-ல் நடக்கிறது. பட்டையும் 00:30-ல்தான் மாறுகிறது. ஆக, ரைடர் இன்னும் திமிறிக்கொண்டிருக்கும்போதே 35 வந்துவிடுகிறது. கடைசி ரெய்டில் தொடுதல் 00:53, பட்டை மாறுவதும் 00:53. ரைடர் நடுக்கோட்டை எட்டாமல் அந்தப் பாயிண்ட் கிடையாது என்று ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். பார்ப்பவர்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. பதைபதைப்பாக இருந்திருக்க வேண்டிய அந்த 3 நொடியைப் பட்டை முன்கூட்டியே உடைத்துவிட்டது.

பட்டையின் ஒவ்வொரு துண்டையும் கையால் 3 நொடி இழுத்துச் சரிசெய்யலாம். ஆனால் அடுத்த திருத்தத்தில் மறுபடி உடையும். பட்டையை நேரத்தோடு கட்டாமல் சம்பவத்தோடு கட்டுவதுதான் நிலைக்கும் வழி. ரெய்டு 1-இன் படம், அதன் ஸ்லோமோஷன், அதற்கான பட்டை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூட்டுத் துண்டாக்குங்கள். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருளில் இதற்கு ஏதாவது ஒரு வசதி உண்டு. அதன் பிறகு ஸ்லோமோஷனை நீட்டுவதென்றால் கூட்டுத் துண்டைத் திறந்து உள்ளே நீட்ட வேண்டும். வெளியே அதன் நீளத்தைச் சரிசெய்யும்போது அடுத்த கூட்டுத் துண்டு தன் பட்டையையும் தூக்கிக்கொண்டு மொத்தமாக நகரும். ஸ்கிரிப்டிலும் இப்படித்தான் எழுத வேண்டும். "00:30-ல் 35–33" என்று எழுதாமல் "ரெய்டு 2, நடுவர் சைகையில் 35–33" என்று எழுதுங்கள். ரீல் நேரத்தைக் கடைசி வெட்டு முடிந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, தொடக்கத்தில் சரியாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளரும் பிசகு. இதற்கு ஸ்லோமோஷன் காரணமாக இருக்காது. முழு ஆட்டத்துக்கும் பட்டையைப் போட்டுவிட்டு அதிலிருந்து ரீல் வெட்டுபவர்களுக்கும், இரண்டு கேமரா ஓட்டுபவர்களுக்கும் இது வரும். செல்போன் கேமராக்கள் பல, வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். 30 என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் 30, அடுத்த நிமிடம் 27 என்று ஓடும். ராத்திரி ஆட்டத்தில் இது சாதாரணம். கோப்பை இப்படிச் சோதிக்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 cam2.mp4
```

வருகிற இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று சந்தேகப்படலாம். எடிட்டிங்கில் கொண்டுவரும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i cam2.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k cam2_30.mp4
```

ஸ்லோமோஷனுக்கென்று 60-ல் எடுத்த கோப்புக்கு `fps=60` என்று கொடுக்க வேண்டும். தெரியாமல் 30 என்று கொடுத்தால் பாதி ஃபிரேம் போய்விடும், அப்புறம் மெதுவாக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. இரண்டு கேமராவில் ஒன்று சரியாக 30, மற்றது 29.97 என்றிருந்து, மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டாலும் இதே வளரும் பிசகு வரும். ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி. 40 நிமிட ஆட்டத்தின் கடைசி ரெய்டில் அது 2.4 நொடி ஆகியிருக்கும். பட்டை கோட்டுக்கு முந்த அது தாராளமாகப் போதும்.

மூன்றாவது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் தப்பு, மற்றதெல்லாம் சரி. இது வெறும் தட்டச்சுப் பிழை. அந்த ஒரு துண்டைத் திருத்திவிட்டுப் போகலாம்.

எந்த நொடியில் எண்ணை மாற்றுவது என்பதில் எடிட்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தொட்டவுடன் மாற்றினால் வேகமாக இருக்கும் என்பார்கள். என் கருத்தில் நடுவர் கை தூக்கும்போதுதான் மாற வேண்டும். தொட்டது செல்லுமா என்பது ரைடர் திரும்பிய பிறகுதான் உறுதியாகிறது. எல்லைக்கு வெளியே போனாரா, லாபியில் கால் வைத்தாரா என்று நடுவர் முடிவு சொல்லும்வரை களத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. பட்டைக்கு மட்டும் எப்படித் தெரியும்?

"ஸ்லோமோஷன்ல பழைய ஸ்கோர் நிக்கு"

முதல் புகாருக்கு நேர் எதிரான புகார். ஆட்டம் 33–33 ஆகிவிட்டது, அடுத்து வரும் மறுகாட்சியில் பட்டை 31–33 என்று காட்டுகிறது. மெதுவாக்கிய துண்டை மூலப்படத்திலிருந்து வெட்டாமல், பட்டை ஏற்கெனவே ஒட்டிய படத்திலிருந்து வெட்டியதுதான் காரணம். பட்டை இல்லாத மூலப்படத்திலிருந்து மறுபடி வெட்டுங்கள். மறுகாட்சி ஓடும்போது ஸ்கோரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "மறுகாட்சி" என்ற ஒரு சொல் மட்டும் வைத்தால் குழப்பமே வராது. ஓடும் கடிகாரத்தையும் அப்போது எடுத்துவிடுங்கள். ஹைலைட்ஸில் கடிகாரத்தை ஓடவிடுவதே எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வெட்டிலும் அது தாவும். ரெய்டு தொடங்கும்போது "மீதி 1:55" என்று நிலையாகக் காட்டிவிட்டால் போதும்.

"கூட்டிப் பாத்தா கணக்கு வரல"

ஒவ்வொரு எண்ணும் சரியான நேரத்தில் மாறுகிறது. ஆனால் கடைசியில் 36–34 என்று முடிகிறது, ஸ்கோர் ஷீட்டில் 35–34 என்று இருக்கிறது. இதற்குப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை. ஸ்கோர் ஷீட்டைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் மேசைக்காரர்களிடம் கேட்டால் தருவார்கள். மறுநாள் அந்தத் தாள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஸ்கிரிப்டில் ஸ்கோரை மட்டும் எழுதாமல், பக்கத்தில் எத்தனை கூடியது, ஏன் கூடியது என்றும் ஒரு பத்தி வையுங்கள். நம்ம உதாரணத்தில் அது இப்படி வரும்: 31–33-ல் தொடங்கி, சிவப்புக்குப் போனஸ் 1 தொடுதல் 1, சிவப்புக்குப் பிடி 1 சூப்பர் டேக்கிள் 1, நீலத்துக்குத் தொடுதல் 1. ஆக 35–34. ஒரு வரியில் காரணம் எழுத முடியாமல் எண் மட்டும் நின்றால், தப்பு அந்த வரியில்தான்.

கபடியில் கணக்கு தப்பும் இடங்கள் குறைவுதான், அவை திரும்பத் திரும்ப வரும். ஆல் அவுட்டில் கூடுதலாக 2 பாயிண்ட் உண்டு. ஆட்டத்தின் ஆரவாரத்தில் அது விட்டுப்போகும். போனஸ் கோட்டைத் தாண்டிய பிறகு ரைடர் பிடிபட்டால் அவர் அணிக்குப் போனஸ் 1, பிடித்த அணிக்கு 1. அந்த இடத்தில் பட்டையின் இரண்டு எண்ணும் சேர்ந்து மாற வேண்டும். எடிட்டர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள்.

இன்னொன்று பட்டையில் நேராகத் தெரியாது, வர்ணனையில்தான் வெளிப்படும். போனஸுக்கு வெளியே இருக்கும் ஆள் உள்ளே வர முடியாது, தொடுதலுக்கு வரலாம். நம்ம முதல் ரெய்டில் சிவப்பு 2 பாயிண்ட் எடுத்தாலும் ஒருவர்தான் உள்ளே வந்தார். 2 பேர் 3 பேர் ஆனார்கள். களத்தில் 3 அல்லது அதற்குக் குறைவான ஆட்கள் இருக்கும்போது பிடித்தால்தான் சூப்பர் டேக்கிள். 2 பாயிண்ட் என்றால் 2 ஆள் உள்ளே வந்திருப்பார்கள் என்று நினைத்து, "நாலு பேர் நிக்காங்க" என்று ஒரு வரியை எழுதிவிட்டால், அடுத்த நிமிடமே "சூப்பர் டேக்கிள்" என்று கத்தும் வரியோடு அது மோதும். ஸ்கோர் பட்டையில் ஆள் எண்ணிக்கைப் புள்ளிகள் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

பாயிண்ட் விழுந்த ரெய்டை ரீலில் விட்டுவிட்டுத் தாண்டினாலும் கணக்கு வராத மாதிரிதான் தெரியும். 24–27-ல் ஒரு காட்சி முடிந்து, அடுத்தது 26–31-ல் தொடங்கினால், "நடுவுல என்ன ஆச்சு?" என்பார்கள். நடுவே இரண்டு நொடிக்கு முழுத்திரை அட்டை ஒன்று வைத்து புது ஸ்கோரைக் காட்டிவிடுங்கள். நம்ம உதாரணத்தில் மூன்றாவது ரெய்டு பாயிண்ட் இல்லாதது. அட்டை இல்லாவிட்டாலும் ஸ்கோர் கெடாது. ஆனால் ரெய்டுகள் மாறி மாறி வர வேண்டும். நீலம் பாடி வந்து பிடிபட்ட பின் மறுபடியும் நீலமே பாடி வருவது கண்ணை உறுத்தும். அதற்காகத்தான் அங்கே அட்டை இருக்கிறது.

"ஸ்லோமோஷன் பாக்கவே சகிக்கல"

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கோளாறு ஒளிந்திருக்கும். எப்படிச் சகிக்கவில்லை என்று கேட்டுத்தான் பிரிக்க முடியும்.

தட்டித் தட்டி ஓடுகிறது என்றால், 30 ஃபிரேமில் எடுத்ததை மெதுவாக்கியிருக்கிறீர்கள். 50 சதவீதத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை வரும். மென்பொருளில் இடைப்பட்ட ஃபிரேமைக் கற்பனையாக உருவாக்கும் வசதி இருக்கிறது. ஒற்றை ஆள் ஓடும் காட்சிக்கு அது பரவாயில்லை. சங்கிலிப் பிடியில், நாலு பேரின் கையும் காலும் பின்னிக் கிடக்கும் இடத்தில், அது எந்தக் கால் யாருடையது என்று தெரியாமல் உருக்கி ஊற்றிவிடும். அங்கே அதைப் பயன்படுத்தாதீர்கள். 75 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது கை படும் அந்த ஒரு ஃபிரேமை ஒரு நொடி உறையவைத்துவிட்டு முழு வேகத்தில் விடுங்கள். அடுத்த போட்டிக்கு ஒரு கேமராவையாவது 60-ல் ஓட்டுங்கள்.

வெளிச்சம் விட்டு விட்டுத் துடிக்கிறது என்றால், அது மைதான விளக்கு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரிய விளக்குகளில் பல, நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 120 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் அந்தச் சுற்றின் வேறு வேறு இடத்தில் விழும். ஆறு ஃபிரேமுக்கு ஒரு முறை பழைய இடத்துக்கு வரும். அதை 30 ஃபிரேம் டைம்லைனில் ஒவ்வொரு ஃபிரேமாக மெதுவாக ஓட்டும்போது நொடிக்கு ஐந்து முறை துடிப்பாகத் தெரிகிறது. வேகம் கூடக் கூட ஸ்லோமோஷன் அழகாக இருக்கும் என்று 120-க்கும் 240-க்கும் போவதால் வருகிற வினை இது.

இதைத் தடுக்க 60 ஃபிரேம் வைத்து, ஷட்டரை 1/100-ல் பூட்டிவிடுங்கள். ஷட்டர் சரியாக ஒரு முழுத் துடிப்பு நேரம் திறந்திருப்பதால், எந்த இடத்தில் தொடங்கினாலும் ஒரே அளவு வெளிச்சம்தான் விழும். 120-ல் இது முடியாது. ஒரு ஃபிரேமின் ஆயுளே 1/120 நொடிதான், 1/100 அதற்குள் அடங்காது. ஜெனரேட்டரில் விளக்கு எரியும் ஊர்களில் 50 என்பது கொஞ்சம் ஏறி இறங்கும், அப்போது லேசான அலை இருக்கத்தான் செய்யும். ஏற்கெனவே 120-ல் எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
ffmpeg -i raid2_120.mp4 -vf deflicker=size=6 -c:v libx264 -crf 18 -an raid2_ok.mp4
```

ஆறு ஃபிரேமுக்கு ஒரு சுற்று என்பதால்தான் அந்த 6. படம் மொத்தமாக மங்கிப் பிரகாசித்தால் இது நன்றாகவே சரிசெய்யும். பட்டை பட்டையாக இருட்டு மேலிருந்து கீழே ஓடினால் சரிசெய்யாது, ஏனென்றால் இது முழு ஃபிரேமின் சராசரி வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. அப்படிப்பட்ட காட்சியை முழு வேகத்தில் காட்டிவிட்டுப் போவதே நல்லது.

மூன்றாவது, படம் வழவழப்பாக இருக்கிறது, துடிப்பும் இல்லை, ஆனால் ஒன்றும் புரியவில்லை. இது ஸ்கிரிப்ட் எழுதியவரின் தப்பு. மெதுவாக்கத் தொடங்கும் இடம் தவறு. அந்த அண்ணாச்சி கேட்டது சரிதான். முதல் ரெய்டில் சந்தேகத்துக்குரியது கை இல்லை, கால். போனஸ் செல்ல வேண்டுமானால் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையில் படாமல் இருக்க வேண்டும். ஆகவே, பின்னங்கால் தரையை விட்டு எழும் ஃபிரேமுக்கு அரை நொடி முன்னால் தொடங்கி, கை எதிராளி மேல் பட்ட அரை நொடியில் முடியுங்கள். சூப்பர் டேக்கிளில் தொடங்க வேண்டியது கணுக்காலைப் பிடிக்கும் முதல் கையில். மூன்று பேரும் விழுந்து குவிந்த பிறகு மெதுவாக்கினால் தெரிவது முதுகுகள்தான். ஸ்கிரிப்டில் "இங்கே ஸ்லோ" என்று எழுதாமல் "பின்னங்கால் எழுவதிலிருந்து தொடுதல் வரை" என்று எழுதினால், வெட்டுபவர் வேறொருவராக இருந்தாலும் சரியாக வரும்.

"பேச்சு ஒரு பக்கம் ஓடுது, ஆட்டம் ஒரு பக்கம் ஓடுது"

முதலில் வர்ணனையின் நீளத்தைப் பாருங்கள். விறுவிறுப்பாகப் பேசினாலும் நொடிக்கு இரண்டு தமிழ்ச் சொல்லுக்கு மேல் வைத்தால் காதில் நிற்காது. நம்ம சொற்கள் நீளம். 7 நொடி ஸ்லோமோஷனுக்கு 12 சொல் தாராளம். எழுதியதைக் கைக்கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே சோதனை.

நீளம் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், வரி படத்தை முந்துகிறது. முதல் வெட்டில் 00:07-ல் இப்படி ஒரு வரி இருந்தது: "போனஸும் டச்சும் சேர்த்து ரெண்டு பாயிண்ட் எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்கிறார்." அப்போது ரைடர் இன்னும் கோட்டையே தாண்டவில்லை. பேசுபவருக்கு முடிவு தெரியும் என்பது அம்பலமாகிவிட்டது. நேரடிக் காட்சிக்கான வரியில் அந்த நொடிவரை தெரிந்தது மட்டும்தான் இருக்க வேண்டும்: "எதிரே ஆறு பேர். போனஸ் இருக்கு. வலது மூலைக்குப் போறார்..." இதோடு நிறுத்திவிட்டு, 00:10 முதல் 00:13 வரை யாரும் பேச வேண்டாம். கூட்டத்தின் சத்தம் பேசட்டும். நடுவர் கை தூக்கி, பட்டை மாறியதும் ஒரே சொல்: "சமம்!"

ஸ்லோமோஷனுக்கான வரியில் என்ன நடந்தது என்று மறுபடி சொல்லாதீர்கள், அதை எல்லோரும் இப்போதுதான் பார்த்தார்கள். எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்: "வலது கால் போனஸ் கோட்டைத் தாண்டிட்டு. இடது கால்? காத்துல நிக்கு, பாருங்க. அப்புறம்தான் கை." பன்னிரண்டு சொல். இதில் "இடது கால்" என்ற சொல் வரும்போது திரையில் இடது கால் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நகர்த்த வேண்டியது குரலை. படத்தை நகர்த்தினால் மறுபடி முதல் புகாருக்கே திரும்பிப் போவீர்கள். குரல் துண்டையும் அந்த ரெய்டின் கூட்டுத் துண்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

"விசில் சத்தம் லேசா பிந்துது"

இரண்டாவது கேமரா மொட்டை மாடியிலோ தண்ணீர்த் தொட்டி மேலோ இருந்தால் இது வரும். சத்தம் 34 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.1 நொடி ஆகும். 30 ஃபிரேம் டைம்லைனில் அது 3 ஃபிரேம். இரண்டு கேமராவையும் விசில் சத்தத்தை வைத்து ஒட்டினால், தூரத்துக் கேமராவின் படம் அந்த 3 ஃபிரேம் முந்திப் போகும். வெட்டு மாறும்போது ரைடரின் கால் ஒரு சாண் தாவுகிற மாதிரி தெரியும். படத்தை வைத்து ஒட்டுங்கள். ரைடரின் கை படும் ஃபிரேம், அல்லது காலடியில் புழுதி கிளம்பும் ஃபிரேம் நல்ல அடையாளம். பிறகு தூரத்துக் கேமராவின் ஒலியை அணைத்துவிட்டு, களத்துக்குப் பக்கத்தில் இருந்த கேமராவின் ஒலியை மட்டும் முழுக்க ஓடவிடுங்கள்.

ஒலிபெருக்கியில் நேரில் பேசிய ஊர் வர்ணனையாளரின் குரலும் அந்த ஒலியில் சேர்ந்தே இருக்கும். அதைப் பிரித்து எடுக்க முடியாது. அதன் மேலேயே உங்கள் குரலையும் ஏற்றினால் இரண்டு பேர் சண்டை போடுவது போல் கேட்கும். அவர் பேசாத இடைவெளிகளைக் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் உங்கள் வரிகளை வையுங்கள். ஸ்லோமோஷனில் மூல ஒலி எப்படியும் இருக்காது, அந்த இடம் முழுக்க உங்களுடையது. கடைசி ரெய்டு மாதிரி இடத்தில் அவர் தொண்டை கிழியக் கத்தியிருந்தால், உங்கள் வரியை எடுத்துவிட்டு அவரையே ஓடவிடுங்கள். எழுதிப் படித்த எந்த வரியும் அதற்கு ஈடாகாது.